மேடைக் குழாயா, சுவர்க் குழாயா? துளையையும் மூக்கு நீளத்தையும் அளந்த பிறகு முடிவு செய்யுங்கள்

குழாய்ப் பெட்டியில் நீட்டம் 200 மி.மீ. என்று போட்டிருந்தால், அந்த 200 எங்கே தொடங்குகிறது என்று முதலில் கேளுங்கள். மேடையில் நிற்கிற குழாய்க்கு, அதாவது ஹார்ட்வேர் கடையில் பில்லர் சிங்க் டேப் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே அதற்கு, குழாய் நிற்கும் துளையின் நடுவிலிருந்து தண்ணீர் விழும் வாயின் நடு வரைக்கும் அளப்பார்கள். சுவரிலிருந்து நீளும் வால் சிங்க் டேப்புக்கு டைல் முகத்திலிருந்து அளக்க வேண்டும். ஆக இரண்டு பெட்டியிலும் ஒரே எண் இருக்கும், ஆனால் ஒரே சிங்க்கில் மாட்டினால் தண்ணீர் விழும் இடம் நான்கு விரலுக்கு மேல் தள்ளிப் போகும். சில பெட்டிகளில் இதுவும் இல்லாமல் குழாயின் மொத்த நீளத்தைப் போட்டு வைத்திருப்பார்கள், அதில் சுவருக்குள் போகிற திருகும் சேர்ந்திருக்கும். அதனால் கடையிலேயே அளவு நாடாவை வைத்துப் பார்த்துவிடுவதுதான் நல்லது, கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

எது அழகு, எது துடைக்கச் சுலபம் என்பதெல்லாம் இருக்கட்டும். சுவர்க் குழாய் போட்டால் மேடை காலியாக இருக்கும், துடைக்கச் சுலபம், உண்மைதான். மேடைக் குழாயின் அடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கி அழுக்குப் படியும், அதுவும் உண்மைதான். ஆனால் தினமும் பாத்திரம் தேய்க்கிறவர் குனிந்து, முழங்கையைச் சிங்க் பின்சுவரில் இடித்துக்கொண்டு தேய்க்கிறாரா, நிமிர்ந்து நின்று தேய்க்கிறாரா என்பதைத் தண்ணீர் விழும் இடம்தான் தீர்மானிக்கிறது. எனவே இந்த ஒப்பீட்டை நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சிங்க்கின் தொட்டிக்குள் தண்ணீர் எங்கே விழ வேண்டும்? முன்னும் பின்னுமாகப் பார்த்தால், தொட்டியின் பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கும் சரிபாதிக்கும் இடையில் விழுந்தால் நல்லது. அதற்குப் பின்னால் விழுந்தால் தட்டைத் திருப்ப இடம் இருக்காது, பின்சுவரில் பட்டுத் தண்ணீர் மேடைக்குத் தெறிக்கும். பாதியைத் தாண்டி முன்னால் விழுந்தால் வயிற்றுப் பக்கம் சட்டை நனையும். நம் ஊர் வீடுகளில் பல இடங்களில் சமையலறைக் குழாய்க்கு மட்டும் தெருப் பைப்பிலிருந்து நேராகத் தண்ணீர் வரும், மற்றவற்றுக்குக் கூரைத் தொட்டியிலிருந்து வரும். அப்படியென்றால் சமையலறைத் தண்ணீருக்கு வேகம் கூடுதல், தெறிப்பும் கூடுதல், இடம் தவறினால் உடனே தெரிந்துவிடும்.

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு பழைய ஒற்றை மாடித் தெருவரிசை வீடு. அந்த வீட்டு அக்கா பழைய சிங்க் துருப்பிடித்து ஓரம் கிழிந்துவிட்டது என்று புது சிங்க் வாங்கி வைத்துவிட்டார், குழாய் அப்படியே இருக்கட்டும், நல்லாத்தானே இருக்கு என்று சொன்னார். பழைய குழாய் சுவர்க் குழாய், நீட்டம் 180 மி.மீ. நான் பார்க்கிற வேலைகளில் அடிக்கடி வருகிற நிலைமை இதுதான் என்பதால் இதையே முழுதாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

பழைய சிங்க்கில் குழாய்க்கான துளையே கிடையாது, பின்விளிம்பு ஒடுக்கமாக வெறும் 25 மி.மீ.தான். சுவருக்கும் சிங்க்குக்கும் இடையில் 40 மி.மீ. இருந்தது. ஆக டைலிலிருந்து 65 மி.மீ. தூரத்திலேயே தொட்டி தொடங்கிவிடுகிறது. தொட்டியின் முன்பின் அளவு 340 மி.மீ. 180 மி.மீ. நீளும் குழாயிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் 115 மி.மீ. தூரத்தில் விழும், மூன்றில் ஒரு பங்கு என்பது ஏறக்குறைய அதேதான். ஆண்டுக்கணக்கில் யாரும் குறை சொல்லாமல் பயன்படுத்தியதற்கு அதுதான் காரணம்.

புது சிங்க் வேறு மாதிரி. இப்போது வருகிற பெரும்பாலான சிங்க்குகள் மேடைக் குழாயை மனதில் வைத்தே செய்யப்படுகின்றன, பின்பக்கம் ஓர் அகலமான விளிம்பு, அதில் 35 மி.மீ. துளை. அக்கா வாங்கியதில் அந்த விளிம்பு 75 மி.மீ., தொட்டி 400 மி.மீ., முன்விளிம்பு 25 மி.மீ., ஆக மொத்தம் 500. மேடை 600 மி.மீ. ஆழம். முன்னால் 50 விட்டு உட்கார வைத்தால் பின்னால் சுவர் வரைக்கும் 50 மீதி. இப்போது சுவரிலிருந்து எண்ணிப் பாருங்கள்: 50 இடைவெளி, 75 விளிம்பு, 125இல் தொட்டி தொடங்குகிறது, 525இல் முடிகிறது. அதே 180 மி.மீ. குழாயிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் 55 மி.மீ. தூரத்தில் விழும். அது கிட்டத்தட்டப் பின்சுவரை ஒட்டித்தான். ஒரு பெரிய வாணலியை நேராக வைத்தால் தண்ணீர் அதன் விளிம்பை ஒட்டி இறங்கும், நடுவில் தேய்க்க வேண்டுமென்றால் வாணலியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

சிங்க்கைப் பின்னால் தள்ளலாமா என்று அக்கா கேட்டார். தள்ளலாம், 30 மி.மீ. கிடைக்கும், ஆனால் அப்புறம் சிங்க்குக்கும் டைலுக்கும் இடையில் துடைக்கத் துணி நுழையாது, முன்னால் மேடை அகலமாகி இன்னும் குனிய வேண்டியிருக்கும். ஒரு பக்கம் கிடைப்பது இன்னொரு பக்கம் போய்விடுகிறது.

இந்தச் சிங்க்குக்கு எந்தக் குழாய் பொருந்தும் என்பதைக் கண்டுபிடிக்கும் வழி இதுதான். தண்ணீர் தொட்டிக்குள் 130 முதல் 200 மி.மீ. தூரத்தில் விழ வேண்டும். சுவரிலிருந்து பார்த்தால் அது 255 முதல் 325. எனவே சுவர்க் குழாய் என்றால் 255க்குக் குறையாத நீட்டம் வேண்டும். மேடைக் குழாய் என்றால், துளை சிங்க்கின் பின் ஓரத்திலிருந்து 40 மி.மீ. தள்ளி இருக்கிறது, அதாவது சுவரிலிருந்து 90. அதைக் கழித்தால் 165 முதல் 235 வரை உள்ள எந்தக் குழாயும் சரி. அந்த 90 மி.மீ. வித்தியாசத்தைத்தான் முதலில் நான்கு விரல் என்று சொன்னேன். கடையில் தொங்குகிற சாதாரணச் சுவர்க் குழாய்களில் பல 200 மி.மீ.ஐ ஒட்டியே இருக்கும். 255க்கு மேல் வேண்டுமென்றால் தேடித்தான் வாங்க வேண்டும். மேடைக் குழாயில் 165 முதல் 235 என்பது கை வைத்த இடமெல்லாம் கிடைக்கிற அளவு.

உங்கள் வீட்டுக்கும் இதே கணக்கைப் போட மூன்று அளவு போதும்: டைல் முகத்திலிருந்து தொட்டியின் பின்சுவர் வரை, தொட்டியின் முன்பின் ஆழம், சிங்க்கில் துளை இருந்தால் டைலிலிருந்து துளையின் நடு வரை. டைல் முகம் என்று சொல்வதைக் கவனியுங்கள். மேல்பூச்சு மட்டும் இருக்கும்போது அளந்துவிட்டு அப்புறம் டைல் ஒட்டினால் பசையும் டைலும் சேர்ந்து ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் போய்விடும்.

சரி, நீண்ட மூக்குள்ள சுவர்க் குழாயைத் தேடி வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? ஒற்றைத் தொட்டி சிங்க்கில் தீரும். இரட்டைத் தொட்டியில்தான் தீராது, அதை யாரும் கடையில் சொல்வதில்லை. சுவர்க் குழாய் இரண்டு தொட்டிக்கும் நடுவில் சுவரில் இருக்கிறது, மூக்கை இடப்பக்கம் திருப்பி இடத் தொட்டியில் கழுவ வேண்டும். திருப்பும்போது மூக்கு பக்கவாட்டில் போகிறது, ஆனால் முன்னால் நீளும் தூரம் குறைகிறது. 250 மி.மீ. மூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் நடு பக்கவாட்டில் 200 மி.மீ. தள்ளி இருந்தால், அந்த நடுவுக்கு நேராக மூக்கைத் திருப்பும்போது அது சுவரிலிருந்து 150 மி.மீ. மட்டும்தான் முன்னால் வந்திருக்கும். தொட்டியோ 125இல் தொடங்குகிறது. ஆக 25 மி.மீ. உள்ளே, விளிம்பிலேயே விழுகிறது. அதே 250 மூக்கு மேடைக் குழாயில் இருந்தால் 90ஐச் சேர்த்து 240இல் விழும், 115 மி.மீ. உள்ளே, அது பரவாயில்லை. இரட்டைத் தொட்டியும் அகலமான பின்விளிம்பும் உள்ள சிங்க் வாங்குகிறீர்கள் என்றால் சுவர்க் குழாயை மறந்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஒற்றைத் தொட்டியில் சுவர்ப் புள்ளி கொஞ்சம் விலகி இருந்தால் பயப்பட வேண்டாம். 100 மி.மீ. விலகலுக்கு 250 மூக்கு 20 மி.மீ. அளவுக்குத்தான் இழக்கும். விலகல் இரட்டிப்பானால்தான் இழப்பு ஐந்து மடங்காகிறது.

இப்போது துளைக்கு வருவோம், குழப்பம் அதிகமாக நடப்பது இங்கேதான்.

சிங்க்கில் இருக்கும் துளை 35 மி.மீ. என்றேன். அது சூடும் குளிரும் கலக்கிற ஒற்றைத் துளை மிக்ஸருக்காக வைத்த அளவு. இரண்டு வளையும் ஹோஸ்கள், ஒரு திருகுத்தண்டு, மூக்கை இழுக்கிற வகையென்றால் இன்னொரு ஹோஸ், எல்லாம் அந்த ஒரே துளை வழியாக இறங்க வேண்டும். ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் சமையலறையில் சுடுநீர் கிடையாது. நாம் வாங்குவது குளிர்நீர் மட்டும் வருகிற பில்லர் குழாய், அதன் அடித்தண்டு அரை அங்குலத் திருகு. அரை அங்குலம் என்றாலும் திருகின் வெளிவிட்டம் 21 மி.மீ. இருக்கும், ஏனென்றால் அந்தப் பெயர் பைப்பின் உள்ளளவை வைத்து வந்தது. இதற்கு 22 முதல் 25 மி.மீ. துளை இருந்தால் போதும். அதை 35 மி.மீ. துளையில் விட்டால் சுற்றிலும் 7 மி.மீ. காலியாக நிற்கும்.

அப்போது இரண்டைப் பாருங்கள். ஒன்று, குழாயின் மேல்தட்டு 35 மி.மீ. துளையை முழுதாக மூடுகிறதா. மேல்தட்டின் விட்டம் 45 மி.மீ.க்குக் குறைந்தால் வாங்காதீர்கள், கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரத்தில் துளை தெரியும், அதன் வழியே தண்ணீர் அலமாரிக்குள் போகும். இரண்டாவது, அடியில் இறுக்குகிற நட்டு. குழாயோடு வருகிற சின்ன நட்டும் வாஷரும் 35 மி.மீ. துளையின் ஓரத்தை அரைகுறையாகப் பிடிக்கும், அல்லது ஒரு பக்கம் உள்ளே சரியும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் மூக்கைத் திருப்பும்போதெல்லாம் குழாயே சேர்ந்து சுற்றும், மேல்தட்டுக்கு அடியில் உள்ள ரப்பர் நகரும், அலமாரிக்குள் பலகை ஊதத் தொடங்கும். 50 மி.மீ. விட்டமுள்ள ஒரு பெரிய ஸ்டெயின்லெஸ் வாஷரை வாங்கி அடியில் போட்டு, அதற்கு மேல் ஒரு ரப்பர் வாஷரும் வைத்து, தண்டை துளையின் நடுவில் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினால் போதும். சில சில்லறைக் காசுதான் செலவு.

உயரமான வளைந்த கழுத்துக் குழாய் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிங்க்கின் தகடு மெல்லியது, ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். குழாயைத் தட்டினால் தகடும் சேர்ந்து ஆடும். அடியில் ஒரு பிளைவுட் துண்டையோ குழாயோடு வருகிற முக்கோணப் பிளாஸ்டிக் தட்டையோ கொடுத்து இறுக்கினால் ஆட்டம் நிற்கும்.

துளை சின்னதாக இருந்து குழாய் பெரிதாக இருந்தால்? 25 மி.மீ. துளையை 35 ஆக்க, வட்ட ரம்பத்தை நேராக வைக்க முடியாது, ஏனென்றால் நடுவில் வழிகாட்டும் துரப்பணத்துக்குப் பிடிமானம் இல்லை, ரம்பம் தகட்டின் மேல் துள்ளி ஓடிக் கீறிவிடும். அடியில் ஒரு மரக்கட்டையை கிளாம்ப் போட்டுப் பிடித்து, நடுத் துரப்பணம் அந்தக் கட்டையில் இறங்கும்படி செய்து, மெதுவான வேகத்தில், எண்ணெய் விட்டு அறுக்க வேண்டும். வேகமாக ஓட்டினால் ஸ்டெயின்லெஸ் சூடாகிக் கடினமாகிவிடும், அப்புறம் பல் மழுங்கும், துளை இறங்காது. கிரானைட் மேடை என்றால் வைரப்பல் துரப்பணமும் தண்ணீரும் வேண்டும், அதை மேடை வெட்டிய ஆளிடமே விடுவது நல்லது. மேடைக்கு அடியில் ஒட்டுகிற சிங்க்காக இருந்தால், சுவருக்கும் தொட்டி வெட்டுக்கும் இடையில் உள்ள கல் பட்டையில்தான் துளை விழ வேண்டும். அந்தப் பட்டை ஒடுக்கமாக இருந்தால் துளைக்கு முன்னால் மிஞ்சுகிற கல் உடையும். மேடை வெட்டும் முன்பே குழாயை வாங்கி அவரிடம் காட்டுங்கள்.

துளைக்கும் சுவருக்கும் இடைவெளியையும் பாருங்கள். ஒற்றைக் கைப்பிடி பக்கவாட்டில் இருக்கிற குழாய்களில் கைப்பிடி பின்னால் சாயும். துளையின் நடு டைலிலிருந்து 60 மி.மீ.க்குள் இருந்தால் கைப்பிடி டைலில் இடித்து முழுதாகத் திறக்காமல் போகலாம். ஜெலுத்தோங் வீட்டில் 90 இருந்ததால் அந்தக் கவலை இல்லை.

சரி, மேடைக் குழாய்தான் எப்போதும் நல்லதா என்றால், இல்லை. வெட் கிச்சனில் கான்கிரீட் மேடை கட்டி டைல் ஒட்டிய வீடுகள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நிறைய இருக்கின்றன. அந்த மேடை இரண்டு, மூன்று அங்குலம் கனம், டைல் வேறு. சாதாரண பில்லர் குழாயின் தண்டு அந்தக் கனத்தைத் தாண்டி அடியில் நட்டு பிடிக்கிற அளவுக்கு வராது. சிங்க்கிலேயே விளிம்பும் துளையும் இருந்தால் தகட்டில் மாட்டலாம், இல்லையென்றால் கான்கிரீட்டைத் துளைத்து மேடைக் குழாய் போடப் போராட வேண்டாம். அங்கே சுவர்க் குழாய்தான் சரியான தேர்வு, அதுவும் அந்த மாதிரி மேடைகளில் பழைய பாணி ஒடுக்க விளிம்புச் சிங்க் இருந்தால் தொட்டி சுவருக்கு அருகிலேயே தொடங்கும், 200 மி.மீ. மூக்கே கச்சிதமாகப் போதும். சுவரோடு ஒட்டாமல் நடுவில் நிற்கும் மேடையிலும், சிங்க்குக்குப் பின்னால் தாழ்வான ஜன்னல் இருக்கும் இடத்திலும் சுவர்க் குழாய்க்கு வழியே கிடையாது. ஜன்னல் உள்பக்கம் திறப்பதாக இருந்தால் மேடைக் குழாயின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

சுவர்க் குழாயின் துளை என்பது டைலில் நாம் பார்க்கும் வட்டம் இல்லை, அதற்குள்ளே பைப் வளைகிற இடத்தில் இருக்கிற எல்போவின் அரை அங்குலத் திருகு. டைலில் உள்ள ஓட்டை ஒழுங்கில்லாமல் இருந்தாலும் குழாயின் வட்டத் தட்டு மறைத்துவிடும். ஆனால் எல்போ எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை அது மறைக்கக் கூடாது. எல்போவின் முகம் டைலோடு சமமாக இருக்க வேண்டும். பழைய டைலின் மேலேயே புது டைல் ஒட்டிய வீடுகளில் எல்போ உள்ளே போய்விடும், குழாயின் திருகு இரண்டு மூன்று சுற்றிலேயே நின்றுவிடும். விரலை விட்டுப் பார்த்தாலே தெரியும். அதற்கு ஒரு பித்தளை எக்ஸ்டென்ஷன் போட வேண்டும். நீட்டத்தைக் கூட்ட இதே எக்ஸ்டென்ஷனை வெளியே நீளவிட்டுப் போடுகிறவர்களும் உண்டு. ஓர் அங்குலம் வரைக்கும் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் நீண்ட மூக்கைத் திருப்புகிற ஒவ்வொரு முறையும் சுவருக்குள் இருக்கிற எல்போ அசையும், கசிவு தொடங்கினால் அது நமக்குத் தெரியாமல் சுவருக்குள்ளேயே நடக்கும்.

இரண்டு குழாய்க்கும் இடையில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற வித்தியாசம் இதுதான். மேடைக் குழாய் ஒழுகினால் சிங்க்குக்கு அடியில் சொட்டுவது கண்ணுக்குத் தெரியும், அங்கேயே ஆங்கிள் வால்வை மூடிவிட்டு நிதானமாகச் சரி பார்க்கலாம். சுவர்க் குழாய் உள்ளே ஒழுகினால் மறுபக்கச் சுவரில் பெயின்ட் உப்பும், அல்லது டைலைத் தட்டினால் வெற்று ஓசை கேட்கும். குழாயை மாற்ற வேண்டுமென்றாலும் பெரும்பாலும் வீட்டு மெயின் வால்வை மூட வேண்டும். சந்தேகம் வந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, கூரைத் தொட்டி நிரம்பிய பிறகு மீட்டரைப் பாருங்கள், முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது.

பழைய சுவர்க் குழாயைக் கழற்றும்போது இன்னும் கவனம் தேவை. சுவருக்குள் பழைய ஜிஐ இரும்புப் பைப் என்றால் திருகு துருவோடு ஒட்டியிருக்கும், பலமாகத் திருப்பினால் எல்போவும் சேர்ந்து திரும்பி உள்ளே முறியலாம். மெல்லக் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மசகு எண்ணெய் விட்டுக் காத்திருந்து எடுக்க வேண்டும். புதுக் குழாய்க்கு வெள்ளை டேப்பைத் திருகு சுற்றும் திசையிலேயே பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, மூக்கு நேராக வரும் இடத்தில் நிறுத்துங்கள். தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பி நேராக்காதீர்கள், கழற்றி டேப்பை மாற்றிச் சுற்றுங்கள், இல்லையென்றால் அந்த இடத்திலேயே கசியும்.

ஜெலுத்தோங் வீட்டுக்குத் திரும்பினால், அக்காவிடம் இரண்டு வழியையும் சொன்னேன். நீட்டம் 260க்கு மேல் உள்ள சுவர்க் குழாய் தேடிப் போட்டால் சுவரைத் தொட வேண்டாம், சிங்க்கில் இருக்கும் 35 மி.மீ. துளையை ஒரு ஸ்டெயின்லெஸ் மூடியால் அடைத்துவிடலாம். இல்லையென்றால் 200 மி.மீ. மேடைக் குழாய், தண்ணீர் சுவரிலிருந்து 290இல், தொட்டிக்குள் 165இல் விழும். ஆனால் பைப் புள்ளியை மேடைக்கு அடியில் கொண்டுவர வேண்டும். செலவு முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது, குழாயின் விலையில் இல்லை. பைப் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். மேலே கூரைத் தொட்டியிலிருந்து இறங்கினால் டைலை உடைத்துக் கீழே நீட்ட வேண்டும். கீழே தரையிலிருந்து ஏறினால் வேலை சுலபம், பைப் ஏற்கெனவே அலமாரிக்குப் பின்னால்தான் போகிறது, அங்கேயே சுவரைக் கொஞ்சம் கொத்தி வெட்டி, எல்போவும் ஆங்கிள் வால்வும் போட்டுவிடலாம், மேலே உள்ள துண்டு செத்த பைப்பாகிவிடும்.

அந்த வீட்டில் தெருப் பைப் கீழிருந்து வந்தது. அக்கா உடனே, "அப்போ மேடைக் குழாயே போட்டுடுங்க தம்பி, பண்டிகைக்குப் பெரிய குண்டான் கழுவணும், எனக்கு மூக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நல்லா திரும்பணும்" என்றார். அவருடைய குண்டானின் உயரத்தையும் தொட்டிக்குள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கழுத்து உயரமான குழாயைத் தேர்ந்தெடுத்தோம், பெட்டியில் நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் ஒப்புதல் இருக்கிறதா என்றும் பார்த்தோம். தண்டுக்கு அடியில் 50 மி.மீ. வாஷர், ஒரு பிளைவுட் துண்டு, பழைய டைல் ஓட்டைக்கு ஒரு வட்ட மூடி. மாட்டி முடித்ததும் ஆங்கிள் வால்வைத் திறந்து, ஹோஸின் இரண்டு முனைக்கும் நட்டுக்கும் அடியில் உலர்ந்த தாளை விரித்து வைத்து, காலையில் எடுத்துப் பாருங்கள், ஈரம் பட்டிருந்தால் அந்த இணைப்பை மட்டும் கால் சுற்று இறுக்குங்கள், அதற்குப் பிறகு அலமாரிக்குள் சாமான் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.